பெல்லை அழுத்தியும் அறிவித்தல் வராதது ஏன்: All, Personalized, None என்னும் மூன்று தெரிவுகள்

மாங்குளத்தில் நான் வைத்திருக்கும் சிறிய கைத்தொலைபேசிக் கடைக்கு ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். மூத்த மகன் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறான். கணிதம் சொல்லித் தரும் ஆசிரியர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாட்கள் மாலை 7 மணிக்கு யூரியூப்பில் நேரலையாகப் பாடம் எடுக்கிறார். அந்த நேரலை தொடங்கிய செய்தி கைத்தொலைபேசிக்கு வருவதே இல்லை என்பதுதான் அக்காவின் முறைப்பாடு. “தம்பி, சப்ஸ்கிரைப்பும் செய்து போட்டன், பெல்லையும் அமத்திப் போட்டன். ஆனா பாடம் முடிஞ்ச பிறகுதான் எங்களுக்குத் தெரிய வருது” என்றார்.

கைத்தொலைபேசியை வாங்கி அந்தச் சனலைத் திறந்து பார்த்தேன். பெல் இருந்தது, ஆனால் அது வெறும் பெல். இருபுறமும் அதிர்வைக் காட்டும் சிறு கோடுகள் அதில் இல்லை. அக்கா அழுத்தியது பெல்லைத்தான் என்றாலும், அழுத்தியதும் விரிந்த பட்டியலில் எதையும் தெரிவு செய்யாமல் அதை மூடியிருக்கிறார். புதிதாக யூரியூப் பாவிக்கத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால், அந்த ஒரு கைத்தொலைபேசியை வைத்தே மூன்று தெரிவுகளையும் விளக்குகிறேன்.

தொடங்கும் முன்: யாருடைய கணக்கு?

சப்ஸ்கிரைப் செய்வதும் பெல்லை மாற்றுவதும் கைத்தொலைபேசியில் பதிவதில்லை. அதில் உள்நுழைந்திருக்கும் கூகிள் கணக்கில்தான் பதிகின்றன. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருக்கும் அண்ணாவோ சித்தியோ பாவித்துவிட்டு அனுப்பிய கைத்தொலைபேசிகள் நிறைய உண்டு. அவற்றில் அவர்களுடைய கணக்கும் அப்படியே கிடக்கும். ஒரே கைத்தொலைபேசியில் இரண்டு மூன்று கணக்குகள் இருக்கும்போது, மகன் ஒரு கணக்கில் சப்ஸ்கிரைப் செய்துவிட்டுத் தாய் வேறொரு கணக்கில் அறிவித்தலைத் தேடுவது வழக்கமாக நடக்கிறது. ஆகவே முதலில் யூரியூப் செயலியின் கீழ்வரிசையில் வலப்பக்க மூலையிலுள்ள You என்பதைத் தொட்டு, மேலே தெரியும் பெயர் உங்களுடையதுதானா என்று பாருங்கள். Incognito எனப்படும் மறைநிலையில் இருந்தாலும் சப்ஸ்கிரைப் செய்த சனல்களின் அறிவித்தல்கள் வரமாட்டா. அதை அணைத்துவிட வேண்டும்.

பெல்லைத் திறக்கும் முறை

சனலின் பக்கத்துக்குச் சென்று Subscribe என்ற பொத்தானைத் தொடுங்கள். செயலியைத் தமிழில் வைத்திருந்தால் அந்த இடத்தில் குழுசேர் என்று இருக்கும். தொட்டதும் பொத்தான் Subscribed என்று மாறி, அதனருகே பெல் ஒன்று தோன்றும். அந்தப் பொத்தானை மறுபடியும் தொட்டால் All, Personalized, None, Unsubscribe என்று நான்கு வரிகள் கொண்ட பட்டியல் விரியும். நான்காவது வரி சனலை விட்டே விலகுவதற்கானது என்பதால், விரல் தவறி அதில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டியலைத் தொடாமல் விட்டால் யூரியூப் தானாகவே Personalized என்பதைத்தான் வைத்துக்கொள்கிறது. “பெல் பட்டனை அழுத்துங்கள்” என்று காணொளிகளில் சொல்பவர்கள் பலர் அதற்கு அடுத்த படியைச் சொல்லாமல் விட்டுவிடுவது எனக்கு நீண்ட நாள் மனக்குறை. அழுத்தினால் மட்டும் போதாது, விரியும் பட்டியலில் All என்பதைத் தொட்டால்தான் மாற்றம் நடக்கும்.

எந்தத் தெரிவு வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பெல்லின் உருவத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். இருபுறமும் அதிர்வுக் கோடுகளோடு அடிப்பதுபோல் இருந்தால் All. கோடுகள் இல்லாத வெறும் பெல் என்றால் Personalized. குறுக்கே ஒரு கோடு வெட்டியிருந்தால் None. அக்காவின் கைத்தொலைபேசியில் இருந்தது இரண்டாவது.

Personalized என்றால் உண்மையில் என்ன நடக்கிறது

‘உங்களுக்கு ஏற்றவாறு’ என்ற பொருளைப் பார்த்துவிட்டு, இதுதான் நல்ல தெரிவு என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பொருள், எந்தக் காணொளிக்கு உங்களைக் கூப்பிடுவது என்பதை யூரியூப் தீர்மானிக்கும் என்பதே. நீங்கள் முன்னர் பார்த்தவை எவை, அந்தச் சனலை எவ்வளவு அடிக்கடி பார்க்கிறீர்கள், குறித்த காணொளி மற்றவர்களிடையே எவ்வளவு பிரபலமாக இருக்கிறது, வந்த அறிவித்தல்களை நீங்கள் திறக்கிறீர்களா என்பவற்றை வைத்து அது முடிவெடுக்கிறது.

இதை ஒட்டுசுட்டான் அக்காவின் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு திறன்பேசி. பகலில் கடைசி மகள் அதில் பொம்மைப் படம் பார்க்கிறாள். இரவில் கணவர் நகைச்சுவைத் துண்டுகளைப் பார்க்கிறார். வாரத்தில் இரண்டு தடவை மட்டும் மகன் கணிதம் பார்க்கிறான். எல்லாம் ஒரே கணக்கின் பார்வை வரலாற்றில் சேர்கின்றன. அந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால், கணிதச் சனல் இவர்களுக்கு அவ்வளவு வேண்டப்பட்டதாகத் தோன்றாது. முந்நூறு பேர் பார்க்கும் ஒரு கணித நேரலை பெரிதாகப் பிரபலமாகவும் இருக்காது. எனவே அறிவித்தல் வராமல் போனதில் பிழை எதுவும் இல்லை. Personalized தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது.

நேரம் தவறினால் பயன்படாத விடயங்களுக்கு இந்தத் தெரிவு பொருந்தாது. எப்போது பார்த்தாலும் ஒன்றுதான் என்னும் சமையல், பாட்டு, பயணம் போன்றவற்றுக்கு இது போதும். அவற்றில் ஓர் அறிவித்தல் வராவிட்டால் யாருக்கும் இழப்பு இல்லை.

All வைத்தால் எல்லாமே வருமா?

அந்தக் கணிதச் சனலின் பெல்லை All என்று மாற்றினேன். பார்வை வரலாறு எப்படி இருந்தாலும் புதிய காணொளிக்கும் நேரலைக்கும் அறிவித்தல் அனுப்பும்படி இந்தத் தெரிவு சொல்கிறது. இருந்தாலும் ‘எல்லாம்’ என்ற சொல்லுக்கு உள்ளே சில வரம்புகள் இருக்கின்றன.

ஒரு சனல் 24 மணித்தியாலத்துக்குள் எத்தனை காணொளி போட்டாலும், அவற்றில் அதிகபட்சம் 3 வெளியீடுகளுக்கு மட்டுமே யூரியூப் அறிவித்தல் அனுப்பும். அக்காவின் கணவர் All வைத்திருந்த செய்திச் சனல் ஒன்று நாளுக்கு இருபது, முப்பது துண்டுகள் போடும். “எல்லாச் செய்தியும் எனக்கு வந்துடும்” என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். வந்ததோ ஒரு சிறு பங்கு. அதுவும் முக்கியமான செய்தியாகத்தான் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அளவுக்கு அதிகமாகப் போடும் சனலுக்கு All வைப்பதில் பெரிதாகப் பயன் இல்லை என்பது இதிலிருந்து தெரியும். குறைவாகப் போடும் சனலில்தான் All என்பது சொல்லுக்கு ஏற்றபடி நடந்துகொள்கிறது.

இன்னொரு வரம்பு காணொளி போடுபவரின் கையில் இருக்கிறது. ஒரு காணொளியைப் பதிவேற்றும்போது, சப்ஸ்கிரைப் செய்தவர்களுக்கு அதை அறிவிப்பதா என்று கேட்கும் ஒரு பெட்டி இருக்கிறது. பழைய பாடங்களை ஒரே நாளில் பத்துப் பதினைந்தாகப் பதிவேற்றும் ஆசிரியர்கள் பார்வையாளரைத் தொந்தரவு செய்யாமலிருக்க அந்தப் பெட்டியின் அடையாளத்தை எடுத்துவிடுவதுண்டு. அப்போது நீங்கள் All வைத்திருந்தாலும் ஒன்றும் வராது.

இன்னும் ஒன்று. ஒரு சனலுக்கு All வைத்துவிட்டு நெடுநாள் அதைத் திறந்தே பார்க்காதவர்களுக்கு, திரையில் வந்து விழும் அறிவித்தலை நிறுத்திப் பார்க்கும் ஒரு பரிசோதனையை 2025இல் யூரியூப் அறிவித்தது. அப்படி நிறுத்தப்பட்டாலும், செயலிக்குள் இருக்கும் அறிவித்தல் பட்டியலில் அது இருக்கும். ஆகவே All வைத்த சனலை இடைக்கிடையேனும் திறந்து பாருங்கள்.

None என்பது விலகுவது அல்ல

கணவரின் செய்திச் சனலுக்கு None வைத்துக் கொடுத்தேன். முதலில் அவர் முகம் சுருங்கியது. சனலையே எடுத்துவிட்டேன் என்று நினைத்தார். None வைத்தால் சனலோடு உங்களுக்குள்ள உறவு அறுவதில்லை. செயலியின் கீழ்வரிசையில் உள்ள Subscriptions என்பதைத் தொட்டால், பெல் எந்த நிலையில் இருந்தாலும் நீங்கள் சப்ஸ்கிரைப் செய்த சனல்களின் புதிய காணொளிகள் நேர வரிசையில் அங்கே இருக்கும். காலையில் தேநீர் குடிக்கும்போது அதைத் திறந்து அன்றைய செய்திகளைப் பார்த்துக்கொள்ளலாம். பாடத்துக்கு வரும் அறிவித்தல் செய்தித் துண்டுகளுக்கிடையில் புதைந்து போகவும் மாட்டாது.

None வைத்த சனலின் காணொளி முகப்பில் பரிந்துரையாகத் தோன்றுவதை இது தடுக்காது. யூரியூப் ‘இதைப் பாருங்கள்’ என்று தானாக அனுப்பும் பரிந்துரை அறிவித்தல்களும் வேறு; அவற்றை Settings என்பதிலுள்ள Notifications பகுதியில் Recommended videos என்ற வரியில் தனியாக நிறுத்த வேண்டும்.

அழுத்த முடியாத பெல்

கடைசி மகள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறாள். அவள் பார்க்கும் சனலுக்கும் All வைத்துத் தரச் சொன்னார் அக்கா. அந்தப் பெல்லோ மங்கிப்போய், எத்தனை தரம் தொட்டாலும் அசையாமல் இருந்தது. கைத்தொலைபேசியின் திரை பழுது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

திரையில் பழுது இல்லை. அந்தச் சனலை நடத்துபவர் அதைச் சிறுவர்களுக்கான சனல் என்று குறித்திருக்கிறார். சிறுவர்களின் தகவல் பாதுகாப்புக்கான அமெரிக்கச் சட்டத்தை ஒட்டி, 2020 ஜனவரி முதல் அவ்வாறு குறிக்கப்பட்டவற்றில் கருத்துரைகளும் அறிவித்தல்களும் நிறுத்தப்பட்டுள்ளன. இதைப் பார்ப்பவரால் மாற்ற முடியாது. உலகில் எங்கிருந்து பார்த்தாலும் இதே நிலைதான். சப்ஸ்கிரைப் செய்யலாம், Subscriptions பக்கத்தில் காணொளியைக் காணலாம். பெல் மட்டும் வேலை செய்யாது.

இதற்கு நான் சொன்ன வழி மிகச் சாதாரணமானது. அந்த ஆசிரியர் எந்த நாட்களில் பாடம் போடுகிறார் என்று சனலில் பின்னோக்கிப் பார்த்தோம். செவ்வாயும் சனியும் என்று தெரிந்தது. கைத்தொலைபேசியின் கடிகாரத்தில் அந்த இரண்டு மாலைகளுக்கும் அலாரம் வைத்துக் கொடுத்தேன்.

செயலியும் கைத்தொலைபேசியும் போடும் தடைகள்

பெல் சரியாக இருந்தும் அறிவித்தல் வரவில்லை என்றால், பெல்லுக்கு வெளியே இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று செயலிக்குள் இருக்கிறது. You என்பதைத் தொட்டு, மேலேயுள்ள பற்சக்கரக் குறியால் Settings திறந்து, Notifications என்பதற்குள் செல்லுங்கள். அங்கே Subscriptions என்ற ஆளி அணைந்திருந்தால், தனித்தனிச் சனலுக்கு நீங்கள் வைத்த பெல் எதுவும் பயன் தராது. அதே பக்கத்தில் Scheduled digest என்று ஒன்று உண்டு. அது திறந்திருந்தால் அன்றைய அறிவித்தல்கள் எல்லாம் சேர்த்துக் கட்டப்பட்டு நீங்கள் குறித்த ஒரு நேரத்தில் ஒன்றாக வரும். நேரலை பார்ப்பவர்கள் அதைத் திறந்து வைக்கவே கூடாது. இரவு 9 மணிக்கு வந்து சேரும் தொகுப்பில் 7 மணிப் பாடத்தின் அறிவித்தல் இருந்து என்ன பயன்? Disable sounds and vibrations என்பது இரவு நேரத்தில் சத்தத்தை மட்டும் நிறுத்தும், அறிவித்தலை நிறுத்தாது. அதன் நேரம் மாலைக்குள் நுழைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மற்றது கைத்தொலைபேசியின் சொந்த அமைப்பு. அன்ட்ரொயிட் 13இலிருந்து, புதிதாக நிறுவப்படும் செயலி ஒவ்வொன்றும் அறிவித்தல் அனுப்ப அனுமதி கேட்கும். அந்தக் கேள்வி வந்தபோது அவசரத்தில் மறுத்துவிட்டால், பிறகு கைத்தொலைபேசியின் செட்டிங்ஸில் செயலிகள் பகுதியில் யூரியூப்பைத் தேடி அனுமதியைத் திறக்க வேண்டும். பட்டரி சேமிப்பு நிலையும் அறிவித்தலைத் தாமதப்படுத்தக்கூடியது.

டேட்டாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறிய டேட்டாப் பொதியை மாதக் கடைசி வரை இழுப்பதற்காக, பாவிக்காத நேரத்தில் டேட்டாவை அணைத்து வைப்பது எங்கள் ஊர்களில் வழக்கம். அணைத்திருக்கும்போது எந்தத் தெரிவும் பயன் தராது; திறந்ததும் அன்று தேங்கிய அறிவித்தல்கள் ஒன்றாக வந்து விழும். அறிவித்தல் வருவதற்குச் செலவாகும் டேட்டா மிகச் சிறியது. காணொளியைப் பார்ப்பதுதான் டேட்டாவைத் தின்னும். ஆகவே பாடம் உள்ள நாட்களில் மாலை 6.30க்கு டேட்டாவைத் திறந்து வைக்கும்படி சொன்னேன். காட்டுக் கரையோரம் இருக்கும் அவர்களுடைய வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான் என்பதால், கைத்தொலைபேசியை முன் விறாந்தையில் வைக்கச் சொன்னதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

தடை எங்கே என்று கண்டுபிடிப்பது

ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்காமல், அறிவித்தல் தவறிய அன்றே மூன்று இடங்களை வரிசையாகப் பாருங்கள். முதலில் யூரியூப் செயலியின் மேற்பக்கத்திலுள்ள பெல் குறியைத் தொடுங்கள். இது சனலின் பெல் அல்ல, உங்களுக்கு வந்த அறிவித்தல்கள் எல்லாம் சேரும் பட்டியல். தவறிய பாடம் அதில் இருக்கிறது, ஆனால் திரையில் வரவில்லை என்றால் யூரியூப் அனுப்பியிருக்கிறது. தடை பெரும்பாலும் கைத்தொலைபேசியின் அனுமதியிலோ பட்டரிச் சேமிப்பிலோ டேட்டாவிலோ இருக்கும்.

அந்தப் பட்டியலில் இல்லை என்றால் Subscriptions பக்கத்துக்குச் செல்லுங்கள். பாடம் அங்கே இருக்குமாயின், பெல் Personalized அல்லது None நிலையில் இருக்கலாம், செயலியின் Subscriptions ஆளி அணைந்திருக்கலாம், அல்லது அந்தச் சனல் அன்று மூன்றுக்கு மேல் போட்டிருக்கலாம். அங்கேயும் இல்லாமல், சனலின் பக்கத்துக்குப் போனால் மட்டும் தெரிகிறது என்றால், ஒன்றில் போட்டவர் அறிவிக்க வேண்டாம் என்று பெட்டியின் அடையாளத்தை எடுத்திருக்கிறார், அல்லது நீங்கள் வேறொரு கணக்கில் நிற்கிறீர்கள்.

நான் அக்காவின் கைத்தொலைபேசியில் இந்த வரிசையில் பார்த்தபோது, முந்தைய நாள் பாடம் அறிவித்தல் பட்டியலில் இல்லை, Subscriptions பக்கத்தில் இருந்தது. செயலியின் ஆளிகள் எல்லாம் திறந்திருந்தன. சனல் அன்று போட்டது அந்த ஒரு நேரலை மட்டுமே. எஞ்சியது வெறும் பெல்தான்.

நேரலைக்கு மட்டும் ஒரு கூடுதல் வழி

ஆசிரியர் நேரலையை முன்கூட்டியே நேரம் குறித்து வைத்திருந்தால், அந்த நேரலையின் பக்கத்தில் Notify me என்ற பொத்தான் இருக்கும். அது அந்த ஒரு நிகழ்வுக்கு மட்டுமான நினைவூட்டல் என்பதால், பெல்லை All வைக்க விரும்பாதவர்களுக்கும் உதவும். ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் புதிதாகத் தொட வேண்டும். அக்காவின் மகனுக்கு இது பிடித்திருந்தது; ஞாயிறு காலையில் வரும் வாரத்துக்கான இரண்டு பாடங்களுக்கும் தானே தொட்டுவிடுவதாகச் சொன்னான்.

நெல் சனல்

போகும்போது அக்கா இன்னொன்று கேட்டார். வயற்செய்கை பற்றிச் சொல்லும் ஒரு சனலைக் கணவர் காலபோகத்தில் மட்டும்தான் பார்ப்பாராம். மற்ற மாதங்களில் திறக்கவே மாட்டாராம். அதற்கு எதை வைப்பது? வாரத்துக்கு ஒன்றிரண்டு காணொளிதான் போடுகிறார்கள். Personalized வைத்தால், மாதக்கணக்கில் திறக்காத சனல் என்பதால் அது மெல்ல மெல்ல வாய் மூடிக்கொள்ளும். விதைத்துச் சில வாரங்களில் கபிலநிறத் தத்தி பற்றி அவர்கள் ஏதாவது போட்டாலும் இவருக்குத் தெரிய வராது. All வைத்தால் வாரத்துக்கு ஒன்றிரண்டு அறிவித்தல்தான், தொந்தரவு இல்லை. All வைத்தேன். போகம் இல்லாத காலத்திலும் வரும் அறிவித்தலை மாதத்துக்கு ஒரு தரமாவது தொட்டுத் திறக்கும்படி கணவரிடம் சொல்லிவிடச் சொன்னேன். “அவர் திறக்காட்டி நான் திறக்கிறன்” என்று சொல்லிவிட்டு, அக்கா ஒட்டுசுட்டான் பேருந்தைப் பிடிக்கச் சந்திப் பக்கம் நடந்தார்.